இருபது கேபிக்கும் ஐம்பது கேபிக்கும் நடுவில் ஒரு முகம்

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் எண்கள் சில உண்டு. ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வுகளுக்கு நிழற்படம் 200 பிக்சல் அகலம், 230 பிக்சல் உயரம் இருப்பது நல்லது. கோப்பு 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபியைத் தாண்டவும் கூடாது. கையெழுத்துப் படத்துக்கு 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. பெங்களூரு ஜே.சி. சாலையில் தலைமையகம் கொண்ட கனரா வங்கியில் எழுத்தர் வேலைக்குப் போக நினைப்பவரும் இந்த எண்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இன்றைய கைபேசி எடுக்கும் படமோ 1.2 கோடி பிக்சல், 4 எம்பி. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்கத்தான் விண்ணப்பக் காலத்தில் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பிரவுசிங் சென்டர் வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள். படத்தைக் கணினிக்கு மாற்றி, பெயின்ட்டில் திறந்து, வெட்டி, சுருக்கி, சேமித்து, எடை பார்த்து, மறுபடி சுருக்கித் தருவதற்குக் கடைக்காரர்கள் காசு வாங்குகிறார்கள். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் முன்பின் தெரியாத ஏதோ ஓர் இணையதளத்தில் தங்கள் முகத்தை ஏற்றி, சுருக்கி இறக்கிக்கொள்கிறார்கள்.

இந்த வேலை முழுவதையும் விண்ணப்பப் பக்கமே செய்துவிட முடியும். படம் சர்வருக்குப் போகும் முன்பே, விண்ணப்பிப்பவரின் கைபேசியில், உலாவிக்குள்ளேயே முடிந்துவிடும் வேலை இது. அதற்கு வேண்டிய கருவிகள் எல்லா உலாவிகளிலும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆனால் அதைச் சரியாகச் செய்வதில் சில நுட்பங்கள் இருக்கின்றன. ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

அல்சூரில் ஒருவர் வீட்டுச் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமிர்த்திப் பிடித்த கைபேசி. படம் 3000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். தலைக்கு மேலே மின்விசிறியின் ஓர் இறக்கை, வலது ஓரத்தில் அலமாரி, இடது ஓரத்தில் தங்கையின் தோள். நடுவில் அவர் முகம்.

விண்ணப்பப் பக்கத்தில் "கோப்பைத் தேர்ந்தெடு" பொத்தானை அழுத்திப் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார். இந்த நொடியில் எதுவும் எங்கும் போய்விடவில்லை. உலாவி அந்தப் பக்கத்துக்கு அந்த ஒரு கோப்பைப் படிக்க மட்டும் அனுமதி கொடுக்கிறது. பக்கத்து ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பக்கத்தால் பார்க்க முடியாது. தேர்ந்தெடுத்த கோப்பு எந்த ஃபோல்டரில் இருந்து வந்தது என்பதுகூடத் தெரியாது. கோப்பின் இடத்தைக் கேட்டால் உலாவிகள் `C:\fakepath\photo.jpg` என்று ஒரு பொய்ப் பாதையைத் தருகின்றன. லினக்ஸ் கணினியிலும் கைபேசியிலும்கூட இதே பதில்தான். உண்மையான பாதையில் பயனரின் பெயர் போன்றவை இருக்கலாம் என்பதால் வைத்த காவல் அது.

2010 வாக்கில்தான் இந்த அனுமதியே வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் வெளியான ஃபயர்பாக்ஸ் 3.6, பயனர் தேர்ந்தெடுத்த கோப்பைப் பக்கத்தின் நிரல் படிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. மற்ற உலாவிகள் அடுத்தடுத்துச் சேர்ந்தன. அதற்கு முன்பு முன்னோட்டம் காட்ட வேண்டுமென்றால் முழுப் படத்தையும் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப வாங்கித்தான் காட்ட வேண்டும். விநாடிக்கு 256 கிலோபிட் ஏற்றும் இணைப்பில் 4 எம்பி படம் போய்ச் சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். "இது சரியில்லை, வேறு படம்" என்று பயனர் நினைத்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

இப்போது முன்னோட்டம் காட்ட ஒரே வரி போதும்.

```
img.src = URL.createObjectURL(file);
```

இது அந்தக் கோப்புக்கு `blob:` என்று தொடங்கும் ஒரு தற்காலிக முகவரியைக் கொடுக்கிறது. அந்த முகவரி இந்த உலாவிக்குள் மட்டும் செல்லும். வேறு கணினியில் தட்டினால் ஒன்றும் வராது. படத்தை எழுத்துச் சரமாக மாற்றிக் காட்டும் பழைய முறையும் உண்டு. அதில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக விரிவதால் 4 எம்பி படம் 5.3 எம்பி சரமாக வீங்கும். விலை குறைந்த கைபேசியில் பக்கம் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முகவரி முறையில் அந்தப் பிரச்சினை இல்லை. வேலை முடிந்ததும் `URL.revokeObjectURL` சொல்லி அந்த முகவரியை விடுவிக்க மட்டும் மறக்கக் கூடாது. விடுவிக்காவிட்டால் பக்கம் மூடப்படும்வரை உலாவி அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஆக, படம் திரையில் வந்துவிட்டது. திரையின் அகலத்துக்கு ஏற்றபடி 300க்கு 400 அளவில் தெரிகிறது. அதன்மேல் ஒரு சட்டம். விரலால் இழுத்துத் தன் முகத்தின் மேல் வைக்கிறார். சட்டத்தின் அகல உயர விகிதம் எப்போதும் 200க்கு 230 என்று பூட்டப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் கடைசியில் முகம் அகன்றோ நீண்டோ போய்விடும். அவர் வைத்த சட்டத்தின் இடது மேல் மூலை, படத்தின் இடது ஓரத்தில் இருந்து 60, மேல் ஓரத்தில் இருந்து 40. அகலம் 180, உயரம் 207.

இங்கேதான் கணக்கு தவறும் முதல் இடம். சட்டத்தின் எண்கள் திரையின் அளவில் இருக்கின்றன. படமோ 3000க்கு 4000. திரையில் ஒரு புள்ளி, படத்தில் 10 பிக்சல். எனவே வெட்ட வேண்டிய இடம் 600, 400 என்ற புள்ளியில் தொடங்கி 1800 அகலமும் 2070 உயரமும் கொண்டது. இந்தப் பெருக்கலை மறந்துவிட்டால் நிரல் பிழை எதையும் சொல்லாது. ஏதோ ஒரு படத்தை வெட்டிக் கொடுத்துவிடும். 3000 அகலப் படத்தில் 60, 40 என்ற மூலையில் இருந்து 180க்கு 207 என்றால் அது இடது மேல் மூலையின் ஒரு சிறு துண்டு. பயனருக்கு முகத்துக்குப் பதிலாகச் சுவரின் சுண்ணாம்பு வரும். வெட்டிய படத்தில் எப்போதும் இடது மேல் மூலையே வருகிறது என்றால் பெருக்கல் விட்டுப்போயிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

இன்னொரு வகைத் தவறும் பார்க்கலாம். இன்றைய கைபேசித் திரைகளில் ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று உண்மைப் பிக்சல்கள் இருக்கும். அந்த எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டுமோ என்று சிலர் பெருக்கிவிடுகிறார்கள். வேண்டியதில்லை. படத்தின் இயல்பான அகலத்தைத் திரையில் அது தெரியும் அகலத்தால் வகுத்தால் வரும் எண் ஒன்றே போதும். அந்த அகலம் படத்தின் அகலமாகவே இருக்க வேண்டும், படம் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அகலமாக இருக்கக் கூடாது. பெட்டிக்குள் படம் நடுவில் நின்று இரு பக்கமும் வெற்றிடம் விட்டிருந்தால் வெட்டு ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் சரியாக வந்து, கைபேசியில் மட்டும் காது வெட்டுப்படுகிறது என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும்.

வெட்டும் வேலையைச் செய்வது கேன்வாஸ். 2004இல் ஆப்பிள் நிறுவனம் தன் உலாவிப் பொறியில் கொண்டுவந்து, பிறகு எல்லா உலாவிகளுக்கும் பொதுவான தரமாக ஆன வரைபலகை அது. 200க்கு 230 அளவில் ஒரு கேன்வாஸை உண்டாக்கி, பெரிய படத்தின் அந்தப் பகுதியை மட்டும் அதில் வரையச் சொல்கிறோம்.

```
const k = img.naturalWidth / img.clientWidth;
const c = document.createElement('canvas');
c.width = 200; c.height = 230;
const g = c.getContext('2d');
g.fillStyle = '#fff';
g.fillRect(0, 0, 200, 230);
g.imageSmoothingQuality = 'high';
g.drawImage(img, x*k, y*k, w*k, h*k,
            0, 0, 200, 230);
```

கடைசி வரியில் முதல் நான்கு எண்கள் எங்கிருந்து எடுப்பது என்று சொல்கின்றன. அடுத்த நான்கும் எங்கே வைப்பது என்று சொல்கின்றன. வெட்டுவதும் சுருக்குவதும் ஒரே அடியில் முடிகின்றன.

நடுவில் வெள்ளை பூசும் இரண்டு வரிகளைத் தேவையில்லை என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது. பின்னணியை நீக்கிய பி.என்.ஜி. படத்தைச் சிலர் கொண்டுவருவார்கள். அதில் பின்னணி ஊடுருவித் தெரியும் வெறுமை. ஜேபெக் கோப்புக்கு வெறுமை என்றால் என்னவென்று தெரியாது. அதனால் கேன்வாஸை ஜேபெக்காக மாற்றும்போது வெறுமையான இடங்களைக் கறுப்பாக்கிவிட வேண்டும் என்பது இணையத் தரத்திலேயே எழுதப்பட்ட விதி. வெளிர் நிறப் பின்னணி, முடிந்தால் வெள்ளை என்று கேட்கும் விண்ணப்பத்துக்குக் கரும் பின்னணிப் படம் போய்ச் சேரும். முதலில் வெள்ளை பூசிவிட்டு அதன்மேல் படத்தை வரைந்தால் இது நடக்காது.

1800 பிக்சலை 200 ஆகச் சுருக்குவது ஒன்பது மடங்குச் சுருக்கம். உலாவி அவசரமாகச் சுருக்கினால், புதிய ஒவ்வொரு பிக்சலுக்கும் பழைய பிக்சல்களில் பக்கத்திலுள்ள நான்கைந்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போய்விடும். அதன் அடையாளம் தலைமுடியிலும் கட்டம் போட்ட சட்டையிலும் தெரியும்: முடி மணல் தூவியதுபோல் பொரிந்து, சட்டைக் கோடுகள் இல்லாத அலைகளைக் காட்டும். `imageSmoothingQuality` என்ற வரி அதைத் தவிர்க்கத்தான். ஆனால் எல்லா உலாவியும், எல்லாப் பழைய பதிப்பும் அதை மதிக்கும் என்று நம்ப முடியாது. நம்பகமான வழி, பாதி பாதியாகச் சுருக்குவது: 1800இல் இருந்து 900, 450, 225, கடைசியில் 200. ஒவ்வொரு படியிலும் எல்லாப் பிக்சல்களும் கணக்கில் வருவதால் முடி முடியாகவே இருக்கும்.

எதிர்த் திசையில் ஒரு தவறும் நடக்கும். கல்யாணக் கூட்டப் படத்தில் இருந்து தன் முகத்தை மட்டும் எடுக்கப் பார்ப்பவருக்கு, வெட்டும் பகுதி உண்மையில் 120 பிக்சல் அகலம்தான் இருக்கலாம். அதை 200 ஆக இழுத்தால் முகம் மங்கும். வெட்டும் பகுதியின் அகலம் 200க்குக் குறைந்தால் "அருகில் இருந்து எடுத்த வேறு படம் தேவை" என்று பக்கம் அப்போதே சொல்லிவிட வேண்டும். மங்கிய படத்தை வாங்கிக்கொண்டு வாரங்கள் கழித்து விண்ணப்பத்தை நிராகரிப்பதைவிட அது எவ்வளவோ நேர்மையானது.

படம் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வருவது பழைய சங்கடம். கைபேசியை எப்படிப் பிடித்தாலும் கேமராவின் சென்சார் தன் போக்கில் 4000க்கு 3000 என்று படுக்கையாகவே எழுதும். "இதைக் காட்டும்போது 90 பாகை வலப்பக்கம் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பை மட்டும் படத்தோடு சேரும் எக்சிஃப் தகவல்களில் 6 என்ற எண்ணாக வைத்துவிடும். இந்தக் குறிப்பை உலாவிகள் நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. 2020இல் குரோம் 81 பதிப்பு முதல் அதைத் தானாகவே மதிக்கத் தொடங்கியது. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அதே காலத்தில் அந்த வழிக்கு வந்தன. அதற்கு முன்பு நிரலாளர்கள் தாங்களே குறிப்பைப் படித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய நிரல் இன்றும் சில பக்கங்களில் ஓடுகிறது. உலாவி ஒரு முறை திருப்ப, நிரல் இன்னொரு முறை திருப்ப, நின்றவர் மறுபடி படுத்துவிடுகிறார். நிமிர்த்தி எடுத்த படம் மட்டும் சாய்ந்து, படுக்கையாக எடுத்த படம் சரியாக வந்தால் காரணம் இதுதான். திருப்பும் பழைய நிரலை நீக்கிவிடுவதே மருந்து.

நினைவகக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். 4 எம்பி என்பது சுருக்கிக் கட்டிய எடை. திரையில் காட்டவோ வரையவோ அவிழ்த்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம், 3000 பெருக்கல் 4000 பெருக்கல் 4, அதாவது 48 எம்பி. இதைப் பெரும்பாலான கைபேசிகள் தாங்கும். ஆனால் 48 மெகாபிக்சலில் எடுத்த படத்தை முழு அளவில் ஒரு கேன்வாஸில் வரைந்துவிட்டுப் பிறகு வெட்டலாம் என்று எழுதப்பட்ட நிரல் ஐபோனில் மாட்டிக்கொள்ளும். அங்கே சஃபாரி வெகுகாலமாக ஒரு கேன்வாஸுக்கு வைத்திருந்த உச்சவரம்பு 1,67,77,216 பிக்சல், அதாவது 4096க்கு 4096. தாண்டினால் பிழைச் செய்தி எதுவும் பயனர் கண்ணுக்கு வராது. கேன்வாஸ் வெறுமையாக இருக்கும். ஜேபெக்காக மாற்றினாலும் முகம் வராது. மேலே சொன்ன முறையில், கேன்வாஸ் எப்போதும் கடைசி அளவிலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் எழாது. பாதி பாதியாகச் சுருக்கும்போதும் வெட்டிய பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டு சுருக்க வேண்டும்.

இனி எடை. 200க்கு 230 என்றால் 46,000 பிக்சல். இதை ஜேபெக்காக மாற்ற `toBlob` என்ற கட்டளைக்குத் தரம் என்று 0 முதல் 1 வரை ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். இணையத்தில் நிழற்படங்களுக்கு வழக்கமாக 0.8 வைப்பார்கள். அந்தத் தரத்தில் வெள்ளைச் சுவர் முன் நின்ற ஒரு முகம் பெரும்பாலும் 10 கேபியைச் சுற்றியே வரும். விண்ணப்பம் கேட்பதோ குறைந்தது 20 கேபி! எல்லாரும் பயப்படுவது மேல்வரம்புக்கு. அளவைச் சரியாக வெட்டியவர்கள் மாட்டிக்கொள்வது கீழ்வரம்பில். "கோப்பு மிகச் சிறியது" என்ற செய்தியைப் பார்த்துப் பிரவுசிங் சென்டரில் மறுபடி மறுபடி சேமிக்கிறார்களே, அதன் காரணம் இந்த எளிய கணக்குதான். அதிலும் பின்னணி எவ்வளவு சுத்தமான வெள்ளையோ, ஜேபெக் அதை அவ்வளவு குறைந்த இடத்தில் மடித்து வைத்துவிடும். விதிமுறைப்படி நல்ல பின்னணியில் எடுத்த படம்தான் எடை குறைந்து தள்ளப்படுகிறது.

எந்தத் தரத்தில் எத்தனை கேபி வரும் என்பதைப் படத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கட்டம் போட்ட சட்டையும் சுருள் முடியும் எடையைக் கூட்டும். ஆகவே நிரல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு எல்லைகளின் நடுவில் ஒரு தரத்தை எடுத்து மாற்றிப் பார்ப்பது. எடை குறைவாக இருந்தால் மேல் பாதியில் தேடுவது, கூடினால் கீழ்ப் பாதியில் தேடுவது.

```
async function fitSize(canvas) {
  let lo = 0.3, hi = 1;
  for (let i = 0; i < 7; i++) {
    const q = (lo + hi) / 2;
    const b = await new Promise(r =>
      canvas.toBlob(r, 'image/jpeg', q));
    if (b.size < 22000) lo = q;
    else if (b.size > 48000) hi = q;
    else return b;
  }
  return null;
}
```

நம் அல்சூர்ப் படத்துக்கு முதல் முயற்சி 0.65, எடை போதாது. அடுத்தது 0.825, இன்னும் போதாது. பிறகு 0.9125, அதன்பின் 0.956 என்று ஏறும். இந்த இடத்தில் எங்காவது 22,000 பைட்டைத் தாண்டி நிற்கும். 46,000 பிக்சல் மிகச் சிறிய படம் என்பதால் ஏழு முறை மாற்றினாலும் பயனர் காத்திருந்ததை உணர மாட்டார். நிரலில் 20,000க்கும் 50,000க்கும் பதிலாக 22,000, 48,000 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு கேபி என்பதைச் சில சர்வர்கள் 1000 பைட்டாகவும் சில 1024 பைட்டாகவும் எண்ணுகின்றன. 20 கேபி என்பது ஒருவருக்கு 20,000, இன்னொருவருக்கு 20,480. ஓரத்தில் நிற்கும் கோப்பு ஓரிடத்தில் ஏற்கப்பட்டு இன்னோரிடத்தில் தள்ளப்படும். உள்ளே தள்ளி நின்றால் வம்பில்லை.

இப்படிக் கிடைத்த கோப்பைத்தான் பயனருக்குக் கடைசி முன்னோட்டமாகக் காட்ட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். பல பக்கங்கள் மூலப் படத்தின் மேல் சட்டத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. பின்னால் நடக்கும் சுருக்கம், சாய்வு, கறுப்பு எதுவும் பயனருக்குத் தெரியாது. அனுப்பப்போகும் அதே பைட்டுகளில் இருந்து முன்னோட்டத்தை எழுப்பினால், மேலே சொன்ன தவறுகளில் எது நடந்திருந்தாலும் அனுப்பும் முன் அவர் கண்ணில் பட்டுவிடும்.

சட்டத்தை மட்டும் காட்டும் பக்கங்களில் இதைவிடப் பெரிய வேறொரு குறை இருக்கக் கூடும். திரையில் வெட்டுவதுபோல் காட்டிவிட்டு, உள்ளே முழு 4 எம்பி படத்தையும், கூடவே 600, 400, 1800, 2070 என்ற நான்கு எண்களையும் சர்வருக்கு அனுப்பிவிடுவது. வெட்டுவது சர்வரில் நடக்கும். வெளிவரும் படம் இரண்டு வழியிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டாவது வழியில் தங்கையின் தோளும், அலமாரியும், எக்சிஃப் தகவல்களும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வெட்டி எறிந்துவிட்டதாகப் பயனர் நம்பியது எல்லாம் யாரோ ஒருவர் சேமிப்பில் இருக்கிறது.

எக்சிஃபில் கேமரா இருப்பிடக் குறிப்பு திறந்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் இருக்கும். பெங்களூருவின் மையம் என்றால் 12.97, 77.59 என்று தொடங்கும் எண்கள். நான்காவது தசம இடம்வரை போனால் சுமார் 11 மீட்டர். அதாவது எந்த வீடு என்பது வரை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். சில கைபேசிகள் பக்கத்துக்குக் கொடுக்கும்போதே நீக்கிவிடும். ஆனால் கேபிளில் கணினிக்கு மாற்றிய படத்திலும், வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பிய படத்திலும் அப்படியே இருக்கும். கேன்வாஸில் இருந்து வெளிவரும் கோப்பில் இவை எதுவும் இல்லை. கேன்வாஸ் பழைய கோப்பைத் திருத்துவதில்லை. பிக்சல் நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றிலும் புதிய கோப்பு ஒன்றை எழுதுகிறது.

திருத்துவதற்கும் புதிதாக எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது 2023 மார்ச்சில் வெளியே வந்தது. சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இரு ஆய்வாளர்கள் கூகுள் பிக்சல் கைபேசிகளின் படத் திருத்தியில் ஒரு குறையைக் காட்டினார்கள். அதன் பதிவெண் CVE-2023-21036. திரைப்பிடிப்பை வெட்டிச் சேமிக்கும்போது அந்தச் செயலி பழைய கோப்பின் மேலேயே சிறிய புதிய படத்தை எழுதியது. மீந்த வால் பகுதியை நறுக்கவில்லை. வெட்டியதாக நினைத்த பகுதியின் தரவு கோப்பின் பின்பாதியில் அப்படியே கிடந்தது. பல படங்களில் அதை மீட்டெடுக்க முடிந்தது. விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும் இதே வகைக் குறை இருந்தது அடுத்த சில நாட்களில் தெரிந்தது. வங்கி அட்டையின் எண்ணை வெட்டிவிட்டுப் பகிர்ந்தவர்கள் அந்த எண்ணையும் சேர்த்தே பகிர்ந்திருக்கக் கூடும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்ன தீர்ப்பு, பெங்களூருவாசி ஒருவரின் பெயரால் அறியப்படுகிறது. ஆதாருக்கு எதிராக 2012இல் வழக்குத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தீர்ப்பின் வழியில் வந்த 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தரும் ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே செல்லும் என்கிறது. 46,000 பிக்சல் தேவைப்படும் இடத்தில் 1.2 கோடி பிக்சலையும் வீட்டின் இருப்பிடத்தையும் வாங்கி வைத்துக்கொள்வது அந்த வரிக்குள் அடங்காது என்பதே என் முடிவு.

உலாவியில் வெட்டுவதால் சர்வரின் பொறுப்பு குறைந்துவிடாது. உலாவியில் ஓடும் நிரலை யாரும் மாற்றலாம். படிவத்தைத் தொடாமலே சர்வருக்கு எதையும் அனுப்பலாம். ஆகவே வந்தது உண்மையிலேயே ஜேபெக்தானா, 200க்கு 230தானா, எடை சரியா என்று சர்வர் தன் பங்குக்குப் பார்க்க வேண்டும். தன் பக்கத்திலும் ஒரு முறை புதிதாக எழுதிச் சேமிக்க வேண்டும். ஐபோன் 2017 முதல் பயன்படுத்தும் ஹெய்க் வகைப் படங்களைப் பல உலாவிகளால் அவிழ்க்கவே முடியாது. அப்போது முன்னோட்டம் வராது. படம் வரவில்லை என்ற நிகழ்வைக் கவனித்து, ஜேபெக்காக மாற்றித் தரும்படி பயனருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பக்கம் வாயடைத்து நிற்கக் கூடாது.

நீங்கள் பயன்படுத்தும் படிவம் எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கணினியில் குரோமில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து F12 அழுத்தி `Network` என்ற தாவலுக்குப் போங்கள். படத்தைத் தேர்ந்தெடுங்கள், சட்டத்தை நகர்த்துங்கள். அந்த நேரத்தில் பட்டியலில் `blob:` என்று தொடங்குபவை தவிரப் புதிய வரி எதுவும் சேரக் கூடாது. சமர்ப்பித்த பிறகு சேரும் வரியைத் திறந்து `Request Headers` பகுதியில் `Content-Length` என்ற எண்ணைப் பாருங்கள். அது சில பத்தாயிரங்களில் இருந்தால் வெட்டிய முகம் மட்டும் போயிருக்கிறது. நாற்பது லட்சத்தை ஒட்டி இருந்தால் முழுப் படமும் போய்விட்டது. அந்தப் படிவத்துக்கு இனி ஏற்கனவே வெட்டிய படத்தையே கொடுங்கள்.